ஓட்டக் கடிகாரம் காட்டும் எண்கள்: பயிற்சிச் சுமை, மீட்பு நேரம், பந்தய நேர மதிப்பீடு

ஓட்டப் பயிற்சி செய்வோர் கையில் கட்டும் கடிகாரங்கள் இன்று தூரத்தையும் நேரத்தையும் மட்டும் காட்டுவதில்லை. ஓடி முடித்ததும் 'பயிற்சிச் சுமை 97', 'மீட்பு நேரம் 36 மணி', 'மாரத்தான் 3:50:00' என்பது போன்ற எண்களையும் காட்டுகின்றன. இவற்றுள் எதையும் கடிகாரம் நேராக அளப்பதில்லை. அது அளப்பவை முதன்மையாக இரண்டுதான்: ஒன்று இதயத் துடிப்பு, மற்றொன்று செயற்கைக்கோள் வழியாகக் கிடைக்கும் வேகம். மற்றவை எல்லாம் இந்த இரண்டிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுபவை. அந்தக் கணக்குகள் கடிகாரத்துக்காக உருவாக்கப்பட்டவை அல்ல. 1920களிலிருந்து வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு தேவைகளுக்காக உருவானவை. அவை எப்படி உருவாயின, எப்படி வேலை செய்கின்றன, எங்கே பிழைபடுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆக்சிஜன் கடன்

இங்கிலாந்தின் உடலியங்கியல் அறிஞர் ஆர்ச்சிபால்ட் விவியன் ஹில், தசைகள் வெப்பத்தை உண்டாக்கும் விதத்தை ஆராய்ந்ததற்காக 1922ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசை ஓட்டோ மேயர்ஹோஃப் என்பவருடன் பகிர்ந்துகொண்டவர். அவரும் ஹார்ட்லி லப்டனும் 1923இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு கருத்துகள் இடம்பெற்றன. இன்றைய கடிகாரம் இவ்விரண்டையும் சார்ந்தே இயங்குகிறது.

முதலாவது, வேகம் கூடக்கூட உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனும் கூடுகிறது. ஆனால் ஓர் எல்லைக்கு மேல் அது கூடுவதில்லை. இந்த எல்லையே உச்ச ஆக்சிஜன் ஏற்பு. கடிகாரங்களில் 'வி.ஓ.2 மேக்ஸ்' என்று வருவது இதுதான். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜன் என்று இதைச் சொல்வார்கள்.

இரண்டாவது, ஓட்டம் நின்ற பிறகும் உடல் சிறிது நேரம் வழக்கத்தைவிட அதிகமாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. இதை ஹில் 'ஆக்சிஜன் கடன்' என்றார். ஓடும்போது தசைகளில் சேர்ந்த லாக்டிக் அமிலத்தை அகற்றவே இந்தக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்று அக்காலத்தில் கருதினர். உடல் வெப்பம், இயக்குநீர்கள் எனப் பல காரணங்கள் இதற்கு உண்டு என்பது பின்னாளில் தெரியவந்தது. எனவே 1984இல் கேஸர், புரூக்ஸ் என்ற இருவர் 'கடன்' என்னும் சொல்லைத் தவிர்த்து, 'உடற்பயிற்சிக்குப் பிந்தைய மிகை ஆக்சிஜன் நுகர்வு' என்ற பெயரை முன்வைத்தனர். அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஈபாக்' என்கிறார்கள்.

துடிப்பை எடுத்துச் செல்ல ஒரு கருவி

ஆக்சிஜனை அளக்க முகமூடியும் ஆய்வகமும் வேண்டும். இதயத் துடிப்பை அளப்பது எளிது. பின்லாந்தைச் சேர்ந்த மார்ட்டி கார்வோனனும் அவருடைய குழுவினரும் 1957இல் வெளியிட்ட ஆய்வு, துடிப்பைக் கொண்டே உழைப்பின் தீவிரத்தைச் சொல்ல வழிகாட்டியது. ஒருவரின் உச்சத் துடிப்பிலிருந்து ஓய்வுநிலைத் துடிப்பைக் கழித்தால் வருவது அவருடைய 'துடிப்பு இருப்பு'. ஓடும்போது இந்த இருப்பில் எத்தனை பங்கைப் பயன்படுத்துகிறார் என்பதே தீவிரத்தின் அளவு. ஓய்வில் 60, உச்சத்தில் 190 துடிக்கும் ஒருவரின் இருப்பு 130. அவர் 138 துடிப்பில் ஓடினால் 78 துடிப்புகளைச் செலவிடுகிறார், அதாவது 0.6 பங்கு.

ஆனால் ஓடிக்கொண்டே துடிப்பை எண்ண முடியாது. பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகப் பேராசிரியர் செப்போ சாய்னாயாகங்காஸ் 1977இல் போலார் நிறுவனத்தைத் தொடங்கினார். மார்புப் பட்டையிலிருந்து கம்பியில்லாமல் கைக்கடிகாரத்துக்குத் துடிப்பை அனுப்பும் கருவியை அந்நிறுவனம் 1982இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பனிச்சறுக்கு வீரர்களுக்காக உருவான இந்த ஏற்பாடு விரைவில் ஓட்டக்காரர்களிடமும் பரவியது. ஒரு பயிற்சி முழுவதற்குமான துடிப்புப் பதிவு முதன்முறையாகச் சாதாரண வீரர்களுக்கும் கிடைத்தது.

பானிஸ்டரின் கணக்கு

துடிப்பைச் சுமையாக மாற்றும் வழியைக் காட்டியவர் கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எரிக் பானிஸ்டர். அவரும் சக ஆய்வாளர்களும் 1975இல் ஒரு மாதிரியை வெளியிட்டனர். ஒவ்வொரு பயிற்சியும் உடலில் ஒரே நேரத்தில் இரண்டு விளைவுகளை உண்டாக்குகிறது என்பது அதன் அடிப்படை. ஒன்று திறன், மற்றொன்று களைப்பு. களைப்பு பெரிதாக எழுந்து விரைவில் தணியும். திறன் சிறிதாகவே எழும், ஆனால் நீண்ட நாள் நிற்கும். பந்தய நாளில் ஒருவர் எப்படி ஓடுவார் என்பது, திறனிலிருந்து களைப்பைக் கழித்தால் மிஞ்சுவது.

இந்தக் கணக்கில் சேர்க்க, ஒவ்வொரு பயிற்சிக்கும் ஓர் எண் வேண்டும். பானிஸ்டர் தந்த எண் 'டிரிம்ப்' எனப்படுகிறது. 1991 வாக்கில் அது எடுத்த வடிவம் ஆண்களுக்கு இவ்வாறு அமையும்:

```
TRIMP = t * x * 0.64 * e^(1.92 * x)
```

இதில் t என்பது நிமிடங்கள். X என்பது மேலே கண்ட துடிப்பு இருப்பின் பங்கு. பெண்களுக்கு 0.64க்குப் பதிலாக 0.86, 1.92க்குப் பதிலாக 1.67. தீவிரம் உயரும்போது இரத்தத்தில் லாக்டேட் எப்படிச் சீராக இல்லாமல் செங்குத்தாக ஏறுகிறதோ, அதே போக்கில் சுமையும் ஏறும்படி இந்த எண்கள் அமைக்கப்பட்டுள்ளன.

முன் சொன்ன ஓட்டக்காரரையே எடுத்துக்கொள்வோம். அவருக்கு வயது 45. ஒரு நாள் 138 துடிப்பில் 60 நிமிடம் மெதுவாக ஓடுகிறார். x = 0.6. சுமை ஏறத்தாழ 73. மறுநாள் 177 துடிப்பில் 30 நிமிடம் கடுமையாக ஓடுகிறார். x = 0.9. சுமை ஏறத்தாழ 97. பாதி நேரமே ஓடினாலும் இரண்டாவது ஓட்டத்தின் சுமை மூன்றில் ஒரு பங்கு அதிகம். மெதுவான ஓட்டத்தின் ஒவ்வொரு நிமிடமும் 1.2 புள்ளி தர, கடுமையான ஓட்டத்தின் ஒவ்வொரு நிமிடமும் 3.2 புள்ளி தருகிறது.

ஒரு வாரமும் ஆறு வாரமும்

பானிஸ்டரின் மாதிரியைப் பயிற்சியாளர்கள் எளிதில் கையாளும்படி சுருக்கியவர் அமெரிக்க உடலியங்கியலாளர் ஆண்ட்ரூ கோகன். 2000களின் தொடக்கத்தில் மிதிவண்டி வீரர்களுக்காக அவர் இதைச் செய்தார். நாள்தோறும் சேரும் சுமைக்கு இரண்டு சராசரிகளைப் பார்ப்பது அவர் முறை. ஒன்று ஏறத்தாழ 7 நாள் நினைவு கொண்டது. இதைக் களைப்பின் அடையாளமாகக் கொள்வர். மற்றொன்று 42 நாள் நினைவு கொண்டது. இது திறனின் அடையாளம். இவை வெறும் கூட்டல் சராசரிகள் அல்ல. அண்மை நாள்களுக்கு அதிக எடையும், பழைய நாள்களுக்குப் படிப்படியாகக் குறையும் எடையும் தரப்படுகின்றன.

ஒருவர் பல வாரங்களாக நாளுக்கு 60 புள்ளி வீதம் பயிற்சி செய்து வருகிறார் என்போம். இரண்டு சராசரிகளும் 60இல் நிற்கும். பிறகு ஒரு வாரம் நாளுக்கு 90 புள்ளி செய்கிறார். வார முடிவில் குறுகிய காலச் சராசரி 79க்கு ஏறிவிடும். நீண்ட காலச் சராசரி ஏறத்தாழ 65ஐத் தான் தொடும். அடுத்த வாரம் முழுவதும் அவர் ஓய்வெடுத்தால் குறுகிய காலச் சராசரி 29க்கு விழும். நீண்ட காலச் சராசரியோ 55இல் நிற்கும். களைப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைய, திறனில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாகவே குறைந்திருக்கிறது. பந்தயத்துக்கு முன் சில நாள் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளும் பழைய வழக்கத்துக்கு இந்தக் கணக்கு ஒரு விளக்கம் தருகிறது.

இன்றைய கடிகாரங்கள் பயிற்சி நிலையைப் பல பெயர்களில் அறிவிக்கின்றன. அவற்றின் பின்னால் பெரும்பாலும் இருப்பது அண்மைச் சுமையை நீண்ட காலச் சுமையோடு ஒப்பிடும் இதே கணக்குதான். மேலே கண்ட கடின வார முடிவில் 79ஐ 65ஆல் வகுத்தால் 1.2 வருகிறது. விகிதம் 1க்கு அருகில் இருந்தால் வழக்கமான அளவு. மிகக் கூடினால் உடல் பழகாத சுமை. மிகக் குறைந்தால் பயிற்சி தளர்கிறது என்று பொருள். இந்த விகிதத்துக்கும் காயங்களுக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு உறுதியானது என்பதில் விளையாட்டு அறிவியலாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

ஈபாக் கடிகாரத்துக்குள் வந்தது

பின்லாந்தின் யுவாஸ்குலா நகரில் 2002இல் தொடங்கப்பட்ட ஃபர்ஸ்ட்பீட் நிறுவனம் வேறொரு வழியைத் தேர்ந்தது. ஹில் கண்ட ஆக்சிஜன் கடனை, முகமூடி இல்லாமல், துடிப்பைக் கொண்டே மதிப்பிடலாம் என்பது அதன் எண்ணம். துடிப்பின் தீவிரத்தோடு, அடுத்தடுத்த இரு துடிப்புகளுக்கு இடையேயுள்ள நேரத்தின் சிறு மாறுபாடுகளிலிருந்து மூச்சின் வேகத்தையும் அது கணித்தது. 2004இல் வந்த சூன்டோ நிறுவனத்தின் டி6 கடிகாரம் இந்த முறையைப் பயன்படுத்தியது. பிறகு கார்மின் நிறுவனக் கடிகாரங்களிலும் இது இடம்பெற்றது. 2013இல் வந்த ஃபோர்ரன்னர் 620 கடிகாரத்தில் வி.ஓ.2 மேக்ஸ் மதிப்பு, மீட்பு நேரம், பந்தய நேர மதிப்பீடு ஆகிய மூன்றும் ஒன்றாக வந்தன. ஃபர்ஸ்ட்பீட்டின் பகுப்பாய்வுப் பிரிவை 2020இல் கார்மின் வாங்கியது.

கணக்கு இப்படி ஓடுகிறது. ஒவ்வொரு கணத்திலும், அதுவரை சேர்ந்த ஈபாக் எவ்வளவு, இப்போதைய தீவிரம் எவ்வளவு, இடையில் கழிந்த நேரம் எவ்வளவு என்ற மூன்றையும் பார்த்து அடுத்த மதிப்பு கணிக்கப்படுகிறது. தீவிரம் கூடினால் ஈபாக் விரைந்து ஏறும். தீவிரம் குறைந்தால் ஏறுவது நின்று இறங்கவும் செய்யும். ஓட்டத்தின்போது அது தொட்ட உச்சமே அந்தப் பயிற்சியின் அளவாகிறது. ஒரே உச்சம், புதிதாக ஓடத் தொடங்கியவருக்குப் பெரிய பயிற்சியாகவும் தேர்ந்தவருக்குச் சிறிய பயிற்சியாகவும் இருக்கும். ஆகவே அது அவரவர் திறனுக்கேற்ப 0 முதல் 5 வரையிலான 'பயிற்சி விளைவு' என்ற அளவாகவும் மாற்றப்படுகிறது.

இங்கே பானிஸ்டர் முறைக்கும் ஈபாக் முறைக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. டிரிம்ப் கணக்கில் மெதுவான ஓட்டம் நீள நீளச் சுமையும் நேர் விகிதத்தில் ஏறிக்கொண்டே போகும். ஈபாக் கணக்கில் மெதுவான ஓட்டம் சிறிது நேரத்தில் ஒரு மட்டத்தை எட்டி ஏறக்குறைய அங்கேயே நிற்கும். எனவே மூன்று மணி நேரம் மெல்ல ஓடியவருக்கு ஈபாக் வழிக் கடிகாரம் காட்டும் சுமை, அவர் கால்கள் உணர்வதைவிடக் குறைவாக இருக்கலாம். இரு கடிகாரங்களின் சுமை எண்களை ஒப்பிட முடியாததற்கும் இதுவே காரணம். அவை வெவ்வேறு அலகுகள்.

மீட்பு நேரம் என்றால் என்ன?

மீட்பு நேரம் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. '36 மணி' என்றால் 36 மணி நேரம் ஓடக்கூடாது என்பது பொருள் அல்ல. அடுத்த கடுமையான பயிற்சிக்கு உடல் ஆயத்தமாக அவ்வளவு நேரம் ஆகலாம் என்பதே பொருள். இடையில் மெதுவாக ஓடத் தடையில்லை.

இந்த எண்ணுக்கு மூன்று உள்ளீடுகள் முக்கியம்: பயிற்சி எவ்வளவு கடுமையாக இருந்தது, ஓட்டக்காரரின் திறன் மட்டம் என்ன, ஓடத் தொடங்கியபோது முந்தைய மீட்பு நேரத்தில் எவ்வளவு மிச்சம் இருந்தது. பழைய பாக்கி தீருமுன் மீண்டும் கடுமையாக ஓடினால், மிச்சமும் புதிதும் சேர்ந்து எண் பெரிதாகும். கார்மின் கடிகாரங்களில் இது 4 நாள் வரை போகும். பின்னாளில் வந்த கடிகாரங்கள் உறக்கத்தையும் பகல்நேர அழுத்தத்தையும் பார்த்து இந்த எண்ணைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன.

இதன் எல்லையை அறிய ஓர் எடுத்துக்காட்டு போதும். மலைச்சரிவில் நீண்ட தூரம் இறங்கி ஓடுபவரின் துடிப்பு குறைவாகவே இருக்கும். எனவே கடிகாரம் சில மணி நேர மீட்பையே சொல்லக்கூடும். ஆனால் இறங்கும்போது தொடையின் முன்தசைகள் நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகின்றன; அப்போதுதான் தசைநார்களில் நுண்ணிய சிதைவு மிகுதியாக ஏற்படுகிறது. வலி ஒன்றிரண்டு நாள் கழித்து உச்சத்தை அடையும். இதயத்தைப் பார்க்கும் கருவிக்கு இது தெரியாது. எலும்பும் தசைநாணும் படும் பாடும் அப்படித்தான். கடிகாரம் 'தயார்' என்று காட்டும்போது படியிறங்கத் தொடை வலித்தால், வலியையே நம்பவேண்டும்.

பந்தய நேர மதிப்பீடு

ஒரு தூரத்தில் ஓடிய நேரத்தைக் கொண்டு வேறொரு தூரத்துக்கான நேரத்தைச் சொல்லும் எளிய சூத்திரத்தைத் தந்தவர் அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் ரீகல். 1977இல் ஓர் ஓட்டப் பத்திரிகையிலும், 1981இல் 'அமெரிக்கன் சயின்டிஸ்ட்' இதழிலும் அவர் இதை எழுதினார். சாதனை நேரங்களை ஆராய்ந்து அவர் கண்டது இது:

```
T2 = T1 * (D2 / D1)^1.06
```

அடுக்கு 1ஆக இருந்தால் எவ்வளவு தூரமானாலும் ஒரே வேகம் என்று ஆகிவிடும். 1.06 என்பதால், தூரம் இரட்டிக்கும்போது நேரம் இரண்டு மடங்கைவிடச் சற்றுக் கூடுகிறது. 3.5 நிமிடம் முதல் 230 நிமிடம் வரை நீளும் போட்டிகளுக்கு இது பொருந்தும் என்று ரீகல் எல்லையும் வகுத்தார்.

1979இல் ஜாக் டேனியல்ஸ், ஜிம்மி கில்பர்ட் இருவரும் வேறு வழியில் சென்றனர். ஒரு வேகத்தில் ஓட எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதற்கு ஒரு சூத்திரம். குறிப்பிட்ட நேரம்வரை உச்ச ஏற்பில் எத்தனை பங்கைத் தாக்குப்பிடிக்க முடியும் என்பதற்கு மற்றொன்று. கடிகாரம் பின்பற்றும் வழியும் இதை ஒத்ததே. சீரான வேகத்தில் ஓடும் பகுதிகளை எடுத்து, இந்த வேகத்துக்கு இந்தத் துடிப்பு என்ற உறவை உச்சத் துடிப்புவரை நீட்டி, வி.ஓ.2 மேக்ஸை மதிப்பிடுகிறது. பிறகு அந்த மதிப்பு உள்ளவர் ஒவ்வொரு தூரத்தையும் எந்த நேரத்தில் ஓடுவார் என்று கணிக்கிறது.

10 கிலோமீட்டரை 50 நிமிடத்தில் ஓடுபவரைக் கொள்வோம். நிமிடத்துக்கு 200 மீட்டர். டேனியல்ஸ் சூத்திரப்படி இந்த வேகத்துக்கு 36 மில்லிலிட்டர் ஆக்சிஜன் வேண்டும். 50 நிமிடம் தாக்குப்பிடிக்கக்கூடிய பங்கு 90 விழுக்காடு. 36ஐ 0.9ஆல் வகுத்தால் 40. இந்த 40க்கு அவர்களின் கணக்கில் மாரத்தான் நேரம் ஏறத்தாழ 3 மணி 50 நிமிடம். ரீகல் சூத்திரத்திலும் 42.195 கிலோமீட்டருக்கு 230 நிமிடம், அதாவது அதே 3:50 வருகிறது. இரு வேறு வழிகள் ஒரே விடையைத் தருவதால் நம்பத் தோன்றும்.

ஆனால் ரீகல் வகுத்த எல்லையின் விளிம்பே 230 நிமிடம் என்பதைக் கவனிக்கவேண்டும். மேலும், அந்த அடுக்கு சாதனையாளர்களின் நேரங்களிலிருந்து வந்தது. வாரத்துக்கு 30 கிலோமீட்டர் ஓடுபவருக்கும் 100 கிலோமீட்டர் ஓடுபவருக்கும் 10 கிலோமீட்டர் நேரம் ஒன்றாக இருக்கலாம். மாரத்தான் நேரம் ஒன்றாக இராது. அதே 50 நிமிட ஓட்டக்காரருக்கு அடுக்கு 1.10 என்றால் மாரத்தான் 4 மணி 4 நிமிடம் ஆகும். 1.15 என்றால் 4 மணி 22 நிமிடம். ஆண்ட்ரூ விக்கர்ஸ், எமிலி வெர்டோசிக் இருவரும் 2,000க்கும் மேற்பட்ட பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களின் நேரங்களை ஆராய்ந்து 2016இல் முடிவை வெளியிட்டனர். அரை மாரத்தான் வரை ரீகல் சூத்திரம் நன்றாகப் பொருந்தியது. மாரத்தானில், ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது உண்மையைவிடப் பத்து நிமிடமாவது வேகமான நேரத்தைச் சொன்னது.

இதன் விலையைப் பந்தயத்தில் கொடுக்க நேரும். 3:50ஐ நம்பியவர் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 27 நொடியில் தொடங்குவார். அவரால் உண்மையில் இயல்வது 4:04 என்றால், அவருக்குரிய வேகம் 5 நிமிடம் 47 நொடி. முதல் 25 கிலோமீட்டரில் வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. தசைகளில் சேமித்த சர்க்கரைச் சத்து விரைவாகத் தீர்ந்து, 30 கிலோமீட்டருக்குப் பின் நடக்க நேர்ந்தால் 4:04உம் கைநழுவும். பழைய கடிகாரங்களின் கையேடுகளில், அந்தத் தூரத்துக்குரிய பயிற்சியை முடித்திருப்பதாகக் கொண்டே மதிப்பீடு தரப்படுகிறது என்ற குறிப்பு இருந்தது. அண்மைக் காலக் கடிகாரங்கள் பயிற்சி வரலாற்றையும் கணக்கில் சேர்ப்பது இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யத்தான்.

எல்லா எண்களையும் கெடுக்கும் இரண்டு பிழைகள்

முதல் பிழை உச்சத் துடிப்பு. பயனர் மாற்றாவிட்டால் பல கடிகாரங்கள் '220 கழித்தல் வயது' என்ற விதியை எடுத்துக்கொள்கின்றன. 1971இல் ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கல் ஆகியோரின் கட்டுரை வழியாகப் பரவிய இந்த விதி ஒரு தோராயச் சராசரி. ஒரே வயதினரிடையே 10 முதல் 12 துடிப்பு வேறுபாடு சாதாரணம். நம் 45 வயது ஓட்டக்காரருக்கு விதி தருவது 175, உண்மை 190. கடிகாரத்தில் 175 இருந்தால், 138 துடிப்பில் ஓடிய மெதுவான ஓட்டம் 0.6 பங்குக்குப் பதில் 0.68 பங்காகக் கணக்கிடப்படும். சுமை 73க்குப் பதில் 96 ஆகும். மெதுவான ஓட்டங்கள் எல்லாம் கடுமையானவையாகத் தோன்றும், மீட்பு நேரம் நீளும், வி.ஓ.2 மேக்ஸ் குறையும், பந்தய மதிப்பீடும் மந்தமாகும். பேச்சு தடைபடாமல் ஓடும் ஓட்டத்தைக் கடிகாரம் தொடர்ந்து கடுமையானது என்று சொன்னால், இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்கவேண்டும். நன்கு பழகியவர் குறுகிய பந்தயமொன்றின் இறுதியில், மார்புப் பட்டையோடு பதிவான உச்சத்தை உள்ளிடுவது விதியைவிட நம்பத்தக்கது.

இரண்டாவது பிழை மணிக்கட்டு உணரி. மார்புப் பட்டை இதயத்தின் மின்குறியை வாங்குகிறது. மணிக்கட்டுக் கடிகாரமோ தோலுக்குள் ஒளி பாய்ச்சி, இரத்த ஓட்டத்தின் ஏற்றத்தாழ்வைப் பார்க்கிறது. பட்டை தளர்ந்திருந்தாலோ கை குளிர்ந்திருந்தாலோ, துடிப்புக்குப் பதிலாகக் காலடி அதிர்வையே அது எண்ணிவிடுவதுண்டு. இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஓட்டத்துக்குப் பின் துடிப்புக் கோட்டையும் நிமிடக் காலடி எண்ணிக்கைக் கோட்டையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டும் 170க்கு அருகில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். தொடங்கிய முதல் நிமிடத்திலேயே துடிப்பு 170ஐத் தாண்டியிருப்பதும் இதற்கு அடையாளம்.

வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாளில் நிலை வேறு. உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்கும் செல்லவேண்டியிருப்பதால், அதே வேகத்துக்குத் துடிப்பு உண்மையாகவே உயர்கிறது. சுமை எண் கூடுவது சரிதான். ஆனால் வேகத்துக்கும் துடிப்புக்கும் உள்ள உறவு மாறிவிடுவதால், திருத்தம் செய்யாத கடிகாரம் வி.ஓ.2 மேக்ஸ் குறைந்துவிட்டதாகக் காட்டும். கோடையில் இறங்கிய அந்த எண், குளிர்ந்த மாதங்களில் அதே பயிற்சியோடு மீண்டும் ஏறினால், மாறியது வானிலை என்று கொள்ளலாம்.